ஒரு சோடி போதாது: பெருக்கலும் கூட்டலும் மாறிமாறி வரும் எண் தொடரைப் பிடிப்பது எப்படி

3, 6, 7, 14, 15, 30, 31, ?

பக்கத்து வீட்டுப் பிள்ளை அரச போட்டிப் பரீட்சை ஒன்றுக்குப் படிக்கிறாள். போன கிழமை பின்னேரம் உளச்சார்பு வினாத்தாளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி இந்தக் கேள்விக்கு 32 என்று எழுதினாள். "ஏன் 32?" என்று கேட்டேன். "30க்குப் பிறகு 31 வந்திருக்கு அக்கா. ஒண்டு கூடியிருக்கு. அதால 32." அவள் பார்த்தது கடைசிச் சோடியை மட்டும்தான். அந்தச் சோடியை அவள் சரியாகத்தான் வாசித்தாள். ஆனால் அடுத்து வரப்போவது அந்தச் செய்கையின் முறை அல்ல.

தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கும், வேலைக்காகப் போட்டிப் பரீட்சை எழுதுபவர்களுக்கும் இந்த வகைத் தொடர் அடிக்கடி வரும். இரண்டு செய்கைகள் மாறிமாறி வேலை செய்யும். மேலே உள்ளதில் ஒருமுறை இரண்டால் பெருக்குகிறது, அடுத்தமுறை ஒன்றைக் கூட்டுகிறது, பிறகு மறுபடி பெருக்குகிறது. விதியைச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடும். விதியைச் சொல்லாமல் எண்களை மட்டும் தரும்போதுதான் தடுமாற்றம். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரு விடயத்தைப் பற்றியதுதான்: பக்கத்துப் பக்கத்து எண்களைச் சோடியாக எடுத்துச் சோதித்து, எந்த இடைவெளியில் எந்தச் செய்கை நிற்கிறது என்று எப்படி உறுதிசெய்வது.

வில் போட்டு இலக்கமிடுங்கள்

எண்களைக் கொஞ்சம் அகலமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அடுத்த எண்ணுக்கு மேலால் ஒரு சிறிய வில் போடுங்கள். அந்த விற்களுக்கு 1, 2, 3 என்று இலக்கமிடுங்கள். மேலே உள்ள தொடரில் ஏழு எண்கள் தரப்பட்டுள்ளன. ஆகவே ஆறு விற்கள். விடை இருக்கும் கேள்விக்குறிக்குப் போகும் வில் ஏழாவது.

இந்த இலக்கத்தை வீண்வேலை என்று விடவேண்டாம். செய்கைகள் இரண்டும் மாறிமாறி வருவதால், 1, 3, 5, 7 ஆகிய விற்களில் ஒரே செய்கைதான் இருக்கமுடியும். 2, 4, 6 ஆகியவற்றில் மற்றது. பிள்ளை 32 என்று எழுதியது ஆறாம் வில்லில் கண்ட கூட்டலை ஏழாம் வில்லுக்கும் கொண்டுபோனதால் வந்த பிழை. இலக்கம் போட்டிருந்தால் 7 என்பது ஒற்றை எண் என்பது கண்ணுக்கு முன்னால் நின்றிருக்கும்.

வித்தியாசத்தை எழுதி, இடது பக்கத்து எண்ணோடு ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு வில்லின் மேலும் வித்தியாசத்தை எழுதுங்கள்.

3→6: 3
6→7: 1
7→14: 7
14→15: 1
15→30: 15
30→31: 1

இப்போது வில் வில்லாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த வித்தியாசம் இடது பக்கத்து எண்ணேதானா? 3→6இல் வித்தியாசம் 3, இடது எண்ணும் 3. 7→14இல் வித்தியாசம் 7, இடது எண்ணும் 7. 15→30இலும் அப்படியே. ஓர் எண்ணோடு அதே எண்ணைக் கூட்டினால் இரண்டு மடங்குதானே. எனவே வித்தியாசம் இடது எண்ணுக்குச் சமமென்றால் அங்கே நடப்பது ×2. வித்தியாசம் இடது எண்ணின் இரண்டு மடங்கென்றால் ×3. மூன்று மடங்கென்றால் ×4. பெரிய எண்களை வகுத்துப் பார்க்கவே தேவையில்லை. கழித்தல் தெரிந்தால் போதும். வகுத்தலில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு இந்த வழி மிகவும் கைகொடுக்கும்.

மற்ற மூன்று விற்களிலும் 1, 1, 1. இடது எண் 6 ஆனாலும் 14 ஆனாலும் 30 ஆனாலும் வித்தியாசம் அசையவில்லை. எண் வளர வளர அசையாமல் நிற்கும் வித்தியாசம் கூட்டலின் அடையாளம். எண்ணோடு சேர்ந்து வளரும் வித்தியாசம் பெருக்கலின் அடையாளம். முழு வேலையும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு இதை நான் புளியங்கொட்டையில் காட்டுவேன். சீமெந்து நிலத்தில் மூன்று கொட்டையை வரிசையாக வை என்பேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கூட்டாளி வை என்பேன். ஆறாகிவிடும். இப்போது தனியாக ஒன்று. ஏழு. அந்த ஏழுக்கும் ஒவ்வொரு கூட்டாளி. பிள்ளை கொட்டைகளைச் சோடி சோடியாக அடுக்கிக்கொண்டு போகும்போது, கூட்டாளி வைக்கும் முறை வரும்போதெல்லாம் கைநிறைய எடுக்கவேண்டி வருவதையும், தனியொன்று வைக்கும் முறையில் எப்போதும் ஒரே ஒரு கொட்டைதான் போவதையும் தன் கையாலேயே உணரும். இன்னொன்றும் அங்கே தெரியும். கூட்டாளி வைத்து முடித்ததும் எல்லாம் சோடியாக நிற்கும், அதாவது இரட்டை எண். தனியொன்றை வைத்ததும் ஒன்று சோடியில்லாமல் நிற்கும், அதாவது ஒற்றை எண். அதனால்தான் 3, 6, 7, 14, 15, 30, 31 என்பதில் ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வருகின்றன. இரண்டால் பெருக்கி ஓர் ஒற்றை எண்ணைக் கூட்டும் தொடர்களில், தொடக்கம் எதுவானாலும், முதற் பெருக்கலுக்குப் பிறகு இந்த ஒழுங்கு தப்பாது.

வகுபடாத சோடியிலிருந்து தொடங்குங்கள், பெரிய பக்கத்திலிருந்து வாருங்கள்

பலரும் இடது ஓரத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேதான் எண்கள் சிறியவை, சிறிய எண்கள்தான் ஏமாற்றும். 2→4 என்ற சோடியைப் பாருங்கள். இரண்டைக் கூட்டினாலும் 4, இரண்டால் பெருக்கினாலும் 4, தன்னைத்தானே பெருக்கினாலும் 4. அந்தச் சோடி எதையுமே சொல்லவில்லை. 3→6 கொஞ்சம் பரவாயில்லை; ஆனால் +3 ஆகவும் இருக்கலாம், ×2 ஆகவும் இருக்கலாம்.

வலது பக்கத்துக்கு வாருங்கள். 30→31. முப்பதை எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் 31 வராது. அங்கே தனிப் பெருக்கலுக்கு இடமே இல்லை. இப்படி ஒன்றை மற்றது வகுக்காத சோடி கிடைத்தால் அதைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். ஏனென்றால் அது ஒரு கதவை முழுதாக மூடிவிடுகிறது. இங்கே +1 என்று எழுதிவிட்டு, இரண்டு வில் தள்ளி 14→15ஐப் பாருங்கள். அதுவும் +1. இன்னும் இரண்டு வில் தள்ளி 6→7. அதுவும் +1. இரட்டை இலக்க விற்கள் மூன்றும் ஒத்துப்போய்விட்டன. இனி ஒற்றை இலக்க விற்கள்: 15→30, 7→14, 3→6, மூன்றும் ×2. ஏழாம் வில்லும் ×2. 31ஐ இரட்டித்தால் 62.

"சரி அக்கா, அப்ப 15→30ஐ +15 எண்டு ஏன் சொல்லக்கூடாது?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. அந்தச் சோடியை மட்டும் பார்த்தால் +15 என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதே முறையில் வரும் 7→14க்கு +7 என்றும், 3→6க்கு +3 என்றும் சொல்லவேண்டி வரும். மூன்று சோடிக்கு மூன்று விதி. ×2 என்றால் மூன்றுக்கும் ஒரே விதி. ஒரு சோடி தனியாக எதையும் நிரூபிக்காது. அதே முறையில் வரும் இரண்டாவது சோடியும் அதையே சொன்னால்தான் நம்பவேண்டும்.

இதிலிருந்து ஓர் எல்லையும் தெரிகிறது. இரண்டு செய்கைகளையும் இரண்டு இரண்டு தடவை காணவேண்டுமென்றால் நான்கு விற்கள் வேண்டும். நான்கு வில்லுக்கு ஐந்து எண்கள் வேண்டும். அதைவிடக் குறைவாகத் தந்தால் விதியை உறுதியாகச் சொல்லமுடியாது. 1, 2, 4 என்று மூன்றே எண்கள் தந்து அடுத்தது எது என்று கேட்டால், இரட்டித்துக்கொண்டு போகிறது என்று 8 சொல்லலாம். முதலில் 1, பிறகு 2, பிறகு 3 கூடுகிறது என்று 7 சொல்லலாம். ஒன்றைக் கூட்டி இரண்டால் பெருக்கி மறுபடி ஒன்றைக் கூட்டுகிறது என்று 5 சொல்லலாம். மூன்றும் நியாயமான விடைகள். பல்தேர்வு வினாவில் இப்படி வந்தால் தெரிவுகளைப் பார்த்து, எந்த விதியின் விடை அங்கே இருக்கிறது என்று தீர்மானிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எழுத்து வினாவாக இருந்தால் அது கேள்வி எடுத்தவரின் பிழை.

கொஞ்சம் கடினமான ஒன்றை முழுதாகச் செய்வோம்

4, 12, 10, 30, 28, 84, 82, ?

தெரிவுகள் 80, 164, 246, 248 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, பெரிதாக ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது. இப்படி மாறிமாறி வந்தால் இரண்டு செய்கைகள் இருக்கின்றனவா என்று உடனே சந்தேகப்படவேண்டும். விற்களை வரைந்து வித்தியாசங்களை எழுதினால் +8, −2, +20, −2, +56, −2.

கடைசிப் பக்கத்திலிருந்து வருவோம். 84→82 வகுபடாது, −2. அதற்கு இரண்டு வில் முன்னால் 30→28, −2. இன்னும் முன்னால் 12→10, −2. இரட்டை இலக்க விற்கள் முடிந்தன.

இப்போது 28→84. வித்தியாசம் 56. இடது எண் 28. ஐம்பத்தாறு இருபத்தெட்டின் இரண்டு மடங்கு. ஆகவே ×3. சரிபார்க்க 10→30: வித்தியாசம் 20, பத்தின் இரண்டு மடங்கு, ×3. முதற் சோடி 4→12: வித்தியாசம் 8, நான்கின் இரண்டு மடங்கு, இதுவும் ×3. கேள்விக்குறிக்குப் போவது ஏழாம் வில், ஒற்றை இலக்கம், ×3. 82ஐ மூன்றால் பெருக்கினால் 246.

இனி மற்றத் தெரிவுகளைப் பாருங்கள். 80 என்பது முறை தெரியாமல் −2ஐத் திரும்பச் செய்தவருக்கு. 164 என்பது ×3ஐ ×2 என்று நினைத்தவருக்கு, 82இன் இரண்டு மடங்கு. 248 என்பது பெருக்கலில் கைதவறியவருக்கு. கேள்வி எடுப்பவர்கள் பிழையான தெரிவுகளை இப்படிப் பிழைவிடும் வழிகளைப் பார்த்தே வைப்பார்கள். ஆகவே உங்கள் விடை தெரிவுகளில் இருக்கிறது என்பதாலேயே அது சரியென்று ஆகிவிடாது. எனக்குத் தெரிந்து மிக அதிகமானோர் விழும் குழி, முறை மாறிப்போகும் அந்த முதலாவதுதான். விதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, கடைசி அடியில் எது வரவேண்டும் என்பதில் தவறுகிறார்கள். அதற்காகத்தான் விற்களுக்கு இலக்கம் போடச் சொல்கிறேன்.

கூட்டலில் தொடங்கும் தொடரும் வரும். 5, 6, 12, 13, 26, 27 என்பதில் முதல் வில் +1, இரண்டாவது ×2. தொடர் எப்போதும் பெருக்கலில்தான் தொடங்கும் என்று மனதில் பதியவைத்துக்கொண்டால் இங்கே 27க்குப் பிறகு 28 என்று எழுதிவிடுவீர்கள். ஆறாம் வில் இரட்டை இலக்கம், ×2இன் முறை, 54தான் வரும்.

இதைப்போலவே தோன்றும் வேறு இரண்டு தொடர்கள்

3, 7, 15, 31, 63 என்ற தொடரைப் பாருங்கள். இங்கேயும் இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவதுதான் நடக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அடியில் நடந்துவிடுகின்றன, இடையில் நிற்கவில்லை. 7→15 வகுபடாத சோடி. ஆனால் இரண்டு வில் தள்ளிப் பார்த்தால் அதே வித்தியாசம் திரும்ப வரவில்லை: 4, 8, 16, 32. அசையாத எண் எங்கேயும் இல்லை, வித்தியாசங்களே இரட்டித்துப் போகின்றன. அப்படியென்றால் மாறிமாறி வரும் தொடர் அல்ல, ஒவ்வோர் அடியிலும் பெருக்கலும் கூட்டலும் சேர்ந்த தொடர்.

இந்த இரண்டுக்கும் ஒரு நெருங்கிய உறவு இருக்கிறது. நாங்கள் தொடங்கிய தொடரில் ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள்: 3, 7, 15, 31. அதேதான். மாறிமாறி வரும் தொடரில் இரண்டு அடி வைத்தால் பெருக்கலும் கூட்டலும் ஒருமுறை முடிந்துவிடுமல்லவா. இடையில் உள்ள 6, 14, 30 என்பதை எடுத்தால் அங்கே முதலில் கூட்டல் நடந்து பிறகு பெருக்கல் நடக்கிறது: 6உடன் 1, ஏழு, இரண்டால் பெருக்கினால் 14. அதாவது இரண்டால் பெருக்கி இரண்டைக் கூட்டுவதற்குச் சமம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. 3, 7, 15, 31 ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: 4, 8, 16, 32. வெறும் இரட்டிப்பு. இதை வைத்துக்கொண்டு நாங்கள் தொடங்கிய தொடரின் பதினைந்தாவது எண்ணைக் கூட ஒவ்வொன்றாக எழுதாமல் சொல்லலாம். முதலாம் இடத்தில் 4. இரண்டு அடிக்கு ஒருமுறை இரட்டிப்பதால், பதினைந்தாம் இடத்துக்கு ஏழு தடவை இரட்டிக்கவேண்டும்: 8, 16, 32, 64, 128, 256, 512. ஒன்றைக் கழித்தால் 511. வினாத்தாளில் தூரத்து உறுப்பைக் கேட்டால் இது கைகொடுக்கும்.

மற்றது, இரண்டு தனித் தொடர்களைப் பின்னிவைத்தது. 3, 50, 6, 45, 12, 40, 24, ? என்பது போல. இங்கேயும் ஏற்ற இறக்கம் உண்டு. அதைக் கண்டு மாறிமாறி வரும் செய்கை என்று இறங்கினால் நேரம் போய்விடும். சோடிச் சோதனையே இதைக் காட்டிக்கொடுக்கும். 40→24 என்பது −16, அதற்கு இரண்டு வில் முன்னால் 45→12 என்பது −33. ஒத்துவரவில்லை. 12→40 என்பது +28, அதற்கு இரண்டு வில் முன்னால் 6→45 என்பது +39. அதுவும் ஒத்துவரவில்லை. இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் பக்கத்துச் சோடிகளை விட்டுவிட்டு ஒன்றுவிட்ட சோடிகளுக்குப் போங்கள். 3, 6, 12, 24 இரட்டிக்கிறது. 50, 45, 40 ஐந்தைந்தாகக் குறைகிறது. அடுத்து 35.

ஒரு பக்கம் ஒத்துவந்து மறுபக்கம் ஒத்துவராவிட்டால்

2, 4, 5, 10, 12, 24, 27, ?

ஒற்றை விற்கள்: 2→4, 5→10, 12→24, மூன்றும் ×2. இரட்டை விற்களில் +1, +2, +3. இங்கே பிள்ளைகள் "விதி உடைஞ்சு போச்சு" என்று அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அழிக்கவேண்டாம். ஒரு பக்கம் மூன்று தடவை ஒத்துவந்தால் அது தற்செயல் அல்ல. மறுபக்கத்து எண்களைத் தனியாக எடுத்து அவைதாமே ஒரு சிறு தொடரா என்று பாருங்கள். 1, 2, 3 அப்படித்தான். அடுத்தது 54, அதற்கடுத்தது நான்கு கூட்டி 58. பெருக்கும் எண் மாறி, கூட்டும் எண் அசையாமல் நிற்கும் தொடர்களும் வரும். பார்க்கும் முறை இதுதான்.

பிழையான எண்ணைக் கண்டுபிடி என்று வந்தால்

சோடிச் சோதனை மிக அழகாக வேலை செய்யும் இடம் இதுதான்.

4, 8, 11, 22, 25, 51, 53

வித்தியாசங்கள்: 4, 3, 11, 3, 26, 2. முதல் நான்கு வில்லும் ×2, +3, ×2, +3 என்று பிசகில்லாமல் போகின்றன. ஐந்தாம் வில் ×2 ஆக இருக்கவேண்டும். 25→51 அப்படி இல்லை. ஆறாம் வில் +3 ஆக இருக்கவேண்டும். 51→53 அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விற்கள் உடைந்திருக்கின்றன. அந்த இரண்டும் தொடும் எண் 51. 50 என்று மாற்றினால் 25இன் இரட்டிப்பும் சரி, மூன்று கூட்டி 53 வருவதும் சரி.

நடுவில் உள்ள ஓர் எண் பிழையென்றால் அதன் இரண்டு பக்கத்து விற்களும் உடையும். ஓரத்து எண் பிழையென்றால் ஒரு வில்தான் உடையும், ஏனென்றால் அதற்கு ஒரு பக்கம்தான் வில் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு வில் மட்டும் உடைந்து அதன் பிறகு எல்லாம் விதிப்படி போனால், அங்கே நீங்கள் கழித்ததில் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழித்தல் சரியாக இருந்தும் உடைந்திருந்தால் ஓர் எண்ணை மாற்றி அதைச் சரிசெய்யமுடியாது. விதி வேறாக இருக்கலாம்.

நடுவில் எண் விடுபட்டிருக்கும் கேள்விக்கும் இரண்டு பக்கமும் உதவும். 7, 14, 11, 22, ?, 38, 35 என்பதில் 7→14 ×2, 14→11 −3, 11→22 ×2, கடைசியில் 38→35 −3. எனவே விடுபட்ட எண் 22−3, அதாவது 19. அத்தோடு நிறுத்தவேண்டாம். 19ஐ இரட்டித்தால் 38 வருகிறதா என்று மறுபக்கத்தாலும் பாருங்கள். வருகிறது. இரண்டு பக்கமும் பொருந்தினால் விடையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

நீங்களே தொடர் கட்டிப் பழகுங்கள்

வினாத்தாள்கள் முடிந்துபோனால் வீட்டில் தாய் தகப்பனோ அண்ணன் அக்காவோ கொப்பியில் தொடர் எழுதிக் கொடுக்கலாம். ஒரு தொடக்க எண், ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் அல்லது கழித்தல் போதும். கழித்தல் வைக்கும்போது தொடக்க எண்ணைக் கவனியுங்கள். ×2, −2 என்று வைத்து 2இல் தொடங்கினால் 2, 4, 2, 4, 2 என்று அதே இடத்தில் சுற்றும். 4இல் தொடங்கினால் 4, 8, 6, 12, 10, 20, 18 என்று ஒழுங்காக வளரும். ×3, −4 என்று வைத்தாலும் 2இல் தொடங்கினால் 2, 6, 2, 6தான். பெருக்கலில் கூடியதைக் கழித்தல் அப்படியே திருப்பி எடுத்துவிடுவதுதான் காரணம். தொடக்க எண்ணை ஒன்று கூட்டிவிட்டால் தொடர் நகரத் தொடங்கும். ஏழு எண்களாவது எழுதுங்கள். ஐந்து எண்ணுக்குக் குறைந்தால் பிள்ளை சொல்லும் வேறொரு விடையும் சரியாக இருக்கக்கூடும், அதைப் பிழை என்று வெட்டிவிட்டால் பாவம்.

இந்த நான்கையும் பென்சிலும் கையுமாகச் செய்து பாருங்கள்.

அ) 7, 14, 9, 18, 13, 26, ?
ஆ) 1, 4, 12, 15, 45, 48, ?
இ) பிழையான எண் எது? 5, 10, 14, 28, 32, 66, 68
ஈ) 80, 40, 44, 22, 26, ?, 17

முதலாவது ×2, −5. ஆறு எண்கள் இருப்பதால் விடைக்குப் போகும் வில் ஆறாவது, −5இன் முறை, விடை 21. இரண்டாவதில் 1→4ஐக் கண்டு ×4 என்று எழுதினால் சிக்கிவிடுவீர்கள். வகுபடாத 45→48ஐயும் 12→15ஐயும் முதலில் பிடித்தால் ஒற்றை விற்கள் +3 என்று தெரியும், அதன்படி 1→4உம் +3தான். இரட்டை விற்கள் ×3; விடை 144. மூன்றாவது ×2, +4. 32→66, 66→68 இரண்டும் உடைகின்றன. 66 பிழை, 64 வரவேண்டும். நான்காவதில் பெருக்கலுக்குப் பதில் வகுத்தல்: பாதியாக்கி நான்கைக் கூட்டுகிறது. வித்தியாசம் வலது பக்கத்து எண்ணுக்குச் சமமாக இருப்பதைக் கவனியுங்கள், 80→40இல் 40, 44→22இல் 22. பாதியாகும் இடங்களில் ஒப்பிடவேண்டியது வலது எண்ணோடு. 26இன் பாதி 13, நான்கு கூட்டினால் 17.